கடைக்கு வந்த ஒற்றை நட்சத்திர ரிவியூ: அநியாயம்தான், ஆனால் என்ன பதில் எழுதுவது?

கல்வியங்காடு பார்லர் · செவ்வாய், இரவு 9.40

வணக்கம். கல்வியங்காட்டில் பெண்களுக்கான சலூன் நடத்துகிறேன். நானும் இரண்டு பிள்ளைகளும்தான் வேலை. நான்கு வருசத்தில் கூகுளில் 24 ரிவியூ சேர்ந்திருந்தது. 20 பேர் ஐந்து நட்சத்திரம், மற்ற நான்கு பேர் நான்கு. கடைப் பெயருக்குக் கீழே 4.8 என்று நிற்கும். ஞாயிறு இரவு ஒரே மணித்தியாலத்துக்குள் மூன்று ஒற்றை நட்சத்திரம் விழுந்து 4.4 ஆகிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் கனடாவில் இருந்து வந்த ஒரு அக்கா, வட்ஸ்அப்பில் கேட்டு, முடியை நேராக்குகிற ரிபொண்டிங்குக்கு நேரம் எடுத்தார். சனிக்கிழமை பத்தரைக்கு வந்தார். முடியை நனைத்து ஒரு இழையை இரண்டு விரலால் இழுத்தேன். நல்ல முடி கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கும். இவருடையது ரப்பர் மாதிரி இழுபட்டு அப்படியே நின்றது. கேட்டபோதுதான் இரண்டு மாதத்துக்கு முன் பிளீச் பண்ணி ஹைலைட் போட்டதாகச் சொன்னார். "பரவாயில்லை, செய்யுங்கள், எனக்குப் புதன்கிழமை கல்யாணம்" என்றார். சரி, ஒருக்கால் பார்ப்போம் என்று பிடரிப் பக்கம் உள்ளே ஒரு சின்னக் கற்றையில் மட்டும் கிரீம் வைத்தேன். பத்து நிமிசத்தில் பஞ்சு மாதிரி ஆகி, துடைக்கும்போது கையோடு வந்துவிட்டது. அவரைக் கேட்காமலே அதைப் போனில் வீடியோவும் எடுத்து வைத்தேன். அதைக் காட்டி, இதைச் செய்ய மாட்டேன், முழுத் தலையும் இப்படித்தான் வரும் என்றேன். ஒரு ரூபாவும் வாங்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கோபத்தோடு போனார்.

அவர் ஆங்கிலத்தில் எழுதியதின் சாரம் இதுதான்: இரண்டு மணித்தியாலத்தை வீணாக்கினார்கள், என் முடியைப் பழுதாக்கினார்கள், வேலை தெரியாதவர்கள், யாரும் போகாதீர்கள்.

மற்ற இரண்டில் ஒன்று அவருடைய தம்பி. "என் அக்காவுக்கு இப்படிச் செய்தார்கள்" என்று ரொறன்ரோவில் இருந்து எழுதியிருக்கிறார். இன்னொன்றில் எழுத்தே இல்லை, நட்சத்திரம் மட்டும். அதே குடும்பப் பெயர்.

நான் எழுதி வைத்திருக்கிற பதில்: "நீங்கள் உங்கள் முடியை வீட்டில் பிளீச் பண்ணிக் கெடுத்துவிட்டு எங்கள் மேல் பழி போடுகிறீர்கள். நாங்கள் ஒரு சதமும் வாங்கவில்லை. வீடியோ ஆதாரம் இருக்கிறது. பொய் சொல்லாதீர்கள்." இதைப் போடட்டுமா? இந்த மூன்றையும் அழிக்க வழி இருக்கிறதா?

சுன்னாகத்தார் · செவ்வாய், இரவு 10.05

தங்கச்சி, நான் ஆண்கள் சலூன் வைத்திருக்கிறேன். இதுக்கு ஒரே வழி, தெரிந்த ஆக்கள் இருபது பேரைப் பிடித்து அந்த ரிவியூவை ரிப்போர்ட் அடிக்கச் சொல்வது. எண்ணிக்கை கூடினால் தானாக அழியும். மற்றப் பக்கம், ஐந்து நட்சத்திரம் போட்டுக் காட்டுகிற ஆக்களுக்கு ஐப்ரோ இலவசம் என்று கண்ணாடியில் ஒட்டுங்கள். ஒரு கிழமையில் ஐம்பது வரும். நல்லது கூடினால் கெட்டது தானாகக் கீழே போகும்.

நெல்லியடி நிலா · செவ்வாய், இரவு 10.20

அக்கா, எனக்கும் போன தை மாதம் இப்படி நடந்தது. மணப்பெண் அலங்காரத்துக்குப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் புடவை மாற்றச் சொல்லி, நேரம் பிந்தி, கடைசியில் பழி எனக்கு. பேஸ்புக் பேஜில் எழுதிவிட்டார்கள். நான் செட்டிங்கில் போய் ரிவியூ பகுதியையே நிறுத்திவிட்டேன். பிரச்சினை முடிந்தது. நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

திண்ணைத்தம்பி · செவ்வாய், இரவு 11.15

நல்லூர்ப் பக்கம் இரண்டு விருந்தினர் விடுதிக்கும் சில கடைகளுக்கும் கூகுள் பக்கத்தை ஏழு வருசமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

நிலா அக்கா சொன்னது பேஸ்புக்குக்குச் சரி. அங்கே பேஜ் வைத்திருப்பவர் அந்தப் பகுதியை மூடலாம். கூகுளில் மூட முடியாது. கடை மேப்பில் இருக்கும்வரை யாரும் எழுதலாம்.

சுன்னாகத்து அண்ணை சொன்னதில் கடைசி வரி மட்டும் சரி. இருபது பேர் ரிப்போர்ட் அடித்தாலும் ஒருவர் அடித்தாலும், அந்த எழுத்து கூகுளின் விதியை மீறுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஆக்களின் எண்ணிக்கைக்குப் பலன் இல்லை. ஐப்ரோ விஷயம் ஆபத்து. காசு, தள்ளுபடி, இலவசம் எதைக் கொடுத்து ரிவியூ வாங்கினாலும் விதிமீறல். பிடிபட்டால் இருக்கிற ரிவியூக்களை மறைப்பார்கள், கொஞ்சக் காலத்துக்குப் புதியது வரவிடாமல் நிறுத்துவார்கள், போலி ரிவியூக்கள் நீக்கப்பட்டன என்று கடைப் பக்கத்திலேயே எச்சரிக்கையும் போடக்கூடும். கண்ணாடியில் ஒட்டிய தாளை ஒருவர் போட்டோ எடுத்து அனுப்பினால் அதுவே ஆதாரம்.

அக்கா, உங்களிடம் இரண்டு கேள்வி. அந்தப் பதிலை இன்னும் போடவில்லைதானே? மற்றது, வட்ஸ்அப்பில் நேரம் கொடுக்கும்போது "முடிக்கு முன்னர் என்ன செய்திருக்கிறீர்கள்" என்று கேட்டீர்களா?

கல்வியங்காடு பார்லர் · புதன், காலை 6.50

போடவில்லை தம்பி. வட்ஸ்அப்பைத் திரும்பிப் பார்த்தேன். முடியின் நீளம் கேட்டேன், விலை சொன்னேன், நேரம் சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை.

திண்ணைத்தம்பி · புதன், காலை 8.30

அப்ப இந்த ரிவியூவில் பொய்யும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. முடியைப் பழுதாக்கியது, வேலை தெரியாதது இரண்டும் அநியாயம். நேரம் வீணானது உண்மை. நாலு நாளில் கல்யாணம் வைத்திருக்கிற ஒருவருக்கு அரைச் சனிக்கிழமை போய்விட்டது. பிளீச் பண்ணினீர்களா என்று ஒரு வரி முதலே கேட்டிருந்தால் வந்திருக்கவே மாட்டார். நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

இனி எதை அழிக்கலாம் என்று பார்ப்போம். மூன்றையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள்.

கனடா அக்கா எழுதியது நிற்கும். அவர் உண்மையாகக் கடைக்கு வந்தவர். நீங்கள் வேலை செய்யாமல் அனுப்பினாலும் அது அவருடைய அனுபவம். யார் சொல்வது உண்மை என்று கூகுள் விசாரிப்பதில்லை. இதை ரிப்போர்ட் செய்தால் விதிமீறல் இல்லை என்றுதான் பதில் வரும்.

தம்பியுடையது போகக்கூடியது. தான் வரவில்லை, அக்காதான் போனார் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ரிவியூவின் மூன்று புள்ளியைத் தட்டி Report review போனால் காரணங்கள் வரும். அதில் Off topic என்பது, இந்தக் கடையில் நடந்த அனுபவத்தைப் பற்றியது அல்ல என்று அர்த்தம். அதைத் தெரிவு செய்யுங்கள். Conflict of interest என்பது போட்டிக் கடைக்காரர், வேலையில் இருந்தவர் போன்ற ஆக்களுக்கானது. கோபத்தில் அதை அமர்த்தாதீர்கள், பொருந்தாது.

எழுத்தில்லாத மூன்றாவதுதான் கஷ்டம். வாசித்துப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. குடும்பப் பெயர் ஒன்று என்பது ஆதாரம் ஆகாது, யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயரில் எத்தனை வீடு. ரிப்போர்ட் செய்யுங்கள், ஆனால் நம்பி இருக்காதீர்கள்.

கடையின் கணக்கில் இருந்தே செய்யுங்கள். அப்போதுதான் Reviews Management Tool என்ற பக்கத்தில் நிலைமை தெரியும். முடிவு வரச் சில நாள் எடுக்கும். மறுத்தால் அதே இடத்தில் ஒரு தடவை மேன்முறையீடு செய்யலாம், ஒரே ஒரு தடவை. ஆகவே காரணத்தை நன்றாக யோசித்துப் போடுங்கள்.

கரவெட்டி ரமணி · புதன், காலை 9.10

சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். இப்படி வருகிற கடைக்காரர்கள் எல்லாரும் "அவதூறு வழக்குப் போட்டு உள்ளே தள்ளலாமா" என்றுதான் கேட்பார்கள். இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது இருப்பது நட்டஈடு கேட்கிற சிவில் வழக்கு. கனடாவில் இருக்கிற ஒருவருக்கு எதிராக, ஒரு சலூன் ரிவியூவுக்காக, அது எத்தனை வருசம் இழுபடும் என்று சொல்லத் தேவையில்லை. பதிலில் "வழக்குப் போடுவேன்" என்று எழுதினால் அடுத்து வாசிக்கிறவருக்கு உங்கள் மேல்தான் பயம் வரும்.

ஆனால் திண்ணைத்தம்பியிடம் ஒரு கேள்வி. பிளீச் பண்ணியதைச் சொல்லாமல் எப்படிப் பதில் எழுதுவது? அதுதானே உண்மைக் காரணம்? சொல்லாவிட்டால், இவர்கள்தான் முடியைக் கெடுத்தார்கள் என்றுதானே வாசிப்பவர் நினைப்பார்?

ஸ்காபரோ சிவா · புதன், காலை 9.45

நான் கஸ்டமர் பக்கம். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் மனைவி கூகுளைப் பார்த்துத்தான் பார்லர் தேடுவார். அவர் எப்படி வாசிக்கிறார் என்று சொல்கிறேன். முதலில் ஒற்றை நட்சத்திரத்தைத்தான் தட்டுவார். பிறகு அதுக்குக் கீழே கடைக்காரர் என்ன சொன்னார் என்று பார்ப்பார். போன வருசம் 4.9 இருந்த ஒரு கடையை விட்டுவிட்டு 4.5 கடைக்குப் போனார். 4.9 கடைக்காரர் ஒரு பெண்ணுக்கு "உங்களுக்குப் பேன் இருந்தது, அதைச் சொல்லட்டா" என்று பதில் எழுதியிருந்தார். "நாளைக்கு என்னையும் இப்படி எழுதுவார்கள்" என்றார் மனைவி.

திண்ணைத்தம்பி · புதன், மதியம் 12.40

சிவா அண்ணை சொன்னதுதான் ரமணி அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில். பதில் எழுதுவது அந்தக் கனடா அக்காவுக்கு அல்ல. அவருடைய மனம் மாறினால் நல்லது, அதை நம்பி எழுதக் கூடாது. வாசிக்கப் போவது ரிபொண்டிங் செய்ய யோசித்துக்கொண்டிருக்கிற இன்னொரு பெண்.

ஆகவே "உங்கள் முடி பிளீச் பண்ணியது" என்று எழுதுவதற்குப் பதில், "எங்கள் கடையில் எல்லாருக்கும் இப்படிச் செய்வோம்" என்று எழுதலாம். அவருடைய முடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, கடையின் வழக்கம் மட்டும். வாசிப்பவருக்கு என்ன நடந்திருக்கும் என்று தானாக விளங்கும். வீடியோவை எங்கும் போடாதீர்கள். அனுமதி கேட்காமல் எடுத்த படம் அது, அவருடைய பிடரி அது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். கல்யாண வேலைகளுக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்தீர்கள், வந்த வேலை நடக்காமல் திரும்பினீர்கள். அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம். நேரம் கொடுக்கும்போதே முடியைப் பற்றிய கேள்விகளை நாங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காது. இப்போது எல்லாரிடமும் முதலே கேட்கிறோம். ரிபொண்டிங் கிரீம் போடுவதற்கு முன், பிடரிப் பக்கம் ஒரு சிறு கற்றையில் சோதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். முடி தாங்காது என்று தெரிந்தால் வேலையைத் தொடங்குவதில்லை, காசும் வாங்குவதில்லை. கதைக்க விரும்பினால் கடை இலக்கத்துக்கு எடுங்கள், நானே கதைப்பேன்."

இதைத் தமிழில் போட்டு, கீழே அதையே ஆங்கிலத்திலும் போடுங்கள். அவர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார், வெளிநாட்டில் இருந்து வருபவர்களும் அதைத்தான் வாசிப்பார்கள். இவ்வளவு நீளம் போதும். ஒன்று, "இப்போது முதலே கேட்கிறோம்" என்று எழுதினால் உண்மையிலேயே கேட்கத் தொடங்க வேண்டும்.

கரவெட்டி ரமணி · புதன், மதியம் 1.15

நல்ல பதில். ஆனாலும் "பிளீச் பண்ணிய முடிக்கு ரிபொண்டிங் செய்வதில்லை" என்ற ஒரு வரியையாவது பொதுவாகச் சேர்க்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். அது யாரையும் குறிப்பிடவில்லை, அடுத்தவருக்கு உதவும்.

திண்ணைத்தம்பி · புதன், மதியம் 1.30

அந்தப் பதிலுக்குக் கீழே வந்தால் அவரைத்தான் குறிக்கும் அக்கா. அந்த வரியைக் கடைப் பக்கத்தில், ரிபொண்டிங் சேவையின் விளக்கத்தில் போடலாம். இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகாமல் இருக்கலாம், பிழையில்லை.

கல்வியங்காடு பார்லர் · புதன், இரவு 8.55

போட்டுவிட்டேன். ரமணி அக்கா சொன்ன வரியைச் சேர்க்கவில்லை. பிறகு தேவைப்பட்டால் பதிலைத் திருத்தலாம் என்று பார்த்தேன். தம்பியுடையதையும் மூன்றாவதையும் Off topic என்று ரிப்போர்ட் செய்தேன்.

இப்போது இந்த 4.4 எப்ப சரியாகும்? பார்க்கப் பார்க்க நெஞ்சு அடைக்கிறது. இன்றைக்கு இரண்டு பேர் விலை கேட்டுவிட்டுப் பிறகு பேச்சில்லை.

திண்ணைத்தம்பி · புதன், இரவு 10.10

கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் நிம்மதி வரும். இப்போது 27 பேர், மொத்தம் 119 நட்சத்திரம். திரும்ப 4.8 என்று காட்ட ஐந்து நட்சத்திரம் 37 தேவை. தம்பியுடையது மட்டும் போனால் 22 போதும். இரண்டும் போனால் ஏழே ஏழு. எண்ணிக்கை குறைந்த கடைக்கு ஒவ்வொரு ஒற்றை நட்சத்திரமும் இவ்வளவு பாரம். உங்களுக்கு 200 ரிவியூ இருந்திருந்தால் மூன்று விழுந்தாலும் ஒரு புள்ளியளவுகூட ஆடாது. நான்கு வருசத்தில் 24 என்றால், கேட்காமலே வந்தவை மட்டும்தான் இருக்கின்றன.

சுன்னாகத்தார் · புதன், இரவு 10.30

அதைத்தானே நானும் சொன்னேன், கூட்டச் சொல்லி. காசு கொடுக்கக் கூடாது, சரி. கடையில் ஒரு போனை வைத்து, வந்தவர்களை அதிலேயே அமர்த்தச் சொன்னால் என்ன? நான் அப்படித்தான் ஒரு நாளில் பதினைந்து எடுத்தேன். ஆறுதான் மேலே வந்தது, மற்றதைக் காணோம். ஏன் என்று தெரியவில்லை.

திண்ணைத்தம்பி · புதன், இரவு 10.50

அண்ணை, ஒரே போனில் ஒரே நாளில் பதினைந்து பேர் எழுதினால், ஒருவரே பதினைந்து கணக்கில் எழுதியது மாதிரித்தான் தெரியும். உங்கள் ஒன்பது பேர் உண்மையான கஸ்டமர்தான், ஆனால் பார்க்கிற இயந்திரத்துக்கு அது விளங்காது. அவரவர் போனில், அவரவர் வீட்டில் இருந்து, அவரவர் நேரத்தில் எழுதுவதுதான் நிற்கும்.

நெல்லியடி நிலா · வியாழன், காலை 7.20

எப்ப கேட்பது? நான் அலங்காரம் முடிந்த உடனே கேட்டால் பெண் அந்தரத்தில் இருக்கிறாள். தாலி கட்டப் போகிறவளிடம் நட்சத்திரம் கேட்கலாமா? பிறகு கேட்டால் மறந்துவிடுகிறார்கள்.

திண்ணைத்தம்பி · வியாழன், காலை 8.05

உங்களுக்கு, கல்யாணம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு. போட்டோக்காரர் முதல் படங்களை அனுப்பியிருப்பார், பெண் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெண்ணைவிட அவளுடைய அக்கா, தங்கச்சிதான் கூட எழுதுவார்கள், அவர்களுக்கும் நீங்கள்தானே மேக்கப். சாமத்திய வீட்டுக்கு என்றால் தாயிடம் கேளுங்கள், பிள்ளையிடம் கேட்காதீர்கள்.

ரிபொண்டிங்குக்குக் கடையில் வைத்துக் கேட்பதில் பொருள் இல்லை. கடையில் எல்லா முடியும் வடிவாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் தலை முழுகக் கூடாது என்று அனுப்புவீர்கள். முழுகிக் காய்ந்த பிறகுதான் அவருக்கே தெரியும் வேலை எப்படி என்று. ஐந்தாம் நாள் கேளுங்கள். ஐப்ரோ, முடி வெட்டு என்றால் அன்று பின்னேரமே கேட்கலாம்.

கல்வியங்காடு அக்கா, கடைப் பக்கத்தில் Ask for reviews என்று இருக்கும். அதைத் தட்டினால் லிங்கும் கியூஆர் படமும் வரும். லிங்கை எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கஸ்டமர் தட்டினால் நேரே நட்சத்திரம் போடுகிற இடம் திறக்கும். "கூகுளில் போய்த் தேடி எழுதுங்கள்" என்றால் பத்தில் எட்டுப் பேர் நடுவழியில் விட்டுவிடுவார்கள்.

கல்வியங்காடு பார்லர் · வியாழன், மதியம் 2.00

இப்படி ஒரு மெசேஜ் எழுதினேன், பாருங்கள்:

"அக்கா, முழுகின பிறகு முடி எப்படி இருக்கிறது? சந்தோசம் என்றால் சொல்லுங்கள், லிங்க் அனுப்புகிறேன், கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டு விடுங்கோ. ஏதும் பிழை என்றால் எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

திண்ணைத்தம்பி · வியாழன், மதியம் 2.25

இதில்தான் எல்லாரும் விழுவது. சந்தோசமான ஆக்களுக்கு மட்டும் லிங்க், மற்றவர்களை வாயடைப்பது, இதையும் கூகுள் தடை செய்திருக்கிறது. எத்தனை நட்சத்திரம் என்றும் கேட்காதீர்கள். யாராவது அந்த ஸ்க்ரீன்ஷொட்டை ரிவியூவோடு போட்டால் உங்களுக்குத்தான் வெட்கம். இப்படி மாற்றுங்கள்:

"அக்கா, முழுகின பிறகு முடி எப்படி இருக்கிறது? ஏதும் பிழை என்றால் சொல்லுங்கோ, வந்து காட்டுங்கோ. நேரம் இருந்தால் கடையில் நடந்ததை நடந்தபடி இதில் எழுதிவிடுங்கோ." கீழே லிங்க்.

எல்லாருக்கும் ஒரே மெசேஜ். குறை சொல்வார் என்று தெரிந்தவருக்கும். ஒரே நாளில் எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும், அவரவர் நாளில்.

சுன்னாகத்தார் · வியாழன், பின்னேரம் 4.40

குறை சொல்கிறவருக்கும் லிங்க் அனுப்புவதா? இது சொந்தக் கையால் கண்ணைக் குத்துவது. நான் செய்ய மாட்டேன்.

ஸ்காபரோ சிவா · வியாழன், பின்னேரம் 5.30

அண்ணை, எல்லாம் ஐந்து நட்சத்திரம், எல்லாம் "மிகவும் நல்ல சேவை" என்று மட்டும் இருந்தால் நாங்கள் நம்புவதில்லை. "சனிக்கிழமை காத்திருக்க வேண்டும், ஆனால் முடி வெட்டு நன்று" என்று ஒருவர் எழுதினால் அதைத்தான் நம்புவோம். அப்ப கிழமை நாளில் போவோம்.

கல்வியங்காடு பார்லர் · நான்கு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 9.10

என்ன நடந்தது என்று சொல்ல வந்தேன்.

தம்பியுடைய ரிவியூ ஒன்பதாம் நாள் போய்விட்டது. எழுத்தில்லாததற்கு விதிமீறல் இல்லை என்று வந்தது. மேன்முறையீடும் செய்தேன், அதே பதில். அது நிற்கிறது. அதுக்குக் கீழேயும் ஒரு வரி எழுதினேன்: "எங்கள் பதிவுகளில் உங்கள் வருகையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த நாள் வந்தீர்கள் என்று சொன்னால் பார்க்கிறோம்." பதில் இல்லை.

அந்த அக்கா போன் எடுக்கவில்லை. ஆனால் பதில் போட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு தன் ரிவியூவில் ஒரு வரி சேர்த்திருக்கிறார், காசு வாங்கவில்லை என்று. நட்சத்திரம் ஒன்றேதான். "பழுதாக்கினார்கள்" என்பதும் அப்படியே.

மெசேஜ் 40 பேருக்குப் போனது, வந்த நாள் கணக்கில். 11 பேர் எழுதினார்கள். பத்துப் பேர் ஐந்து. ஒருவர் மூன்று. இப்போது 37 பேர், 4.6 காட்டுகிறது.

அந்த மூன்று நட்சத்திரக்காரி எழுதியிருப்பது: "பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பதினொன்றரைக்குத்தான் கதிரை கிடைத்தது. கலரிங் நன்றாக இருக்கிறது." பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேருக்கு நேரம் கொடுத்திருக்கிறேன், என் கையெழுத்துதான். இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி அன்று லீவு. அவர் எழுதியது ஒவ்வொரு எழுத்தும் சரி. அவருக்கு என்ன பதில் எழுதுவது என்பது எனக்கு இந்த முறை கஷ்டமாக இருக்கவில்லை. பிழை எங்களுடையது, சனிக்கிழமைகளில் இனி ஒரு மணித்தியாலத்துக்கு ஒருவர்தான் என்று எழுதினேன். அப்படியே புத்தகத்திலும் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

வட்ஸ்அப்பில் நேரம் கேட்பவர்களிடம் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன்: கடைசியாக எப்ப கலர் போட்டீர்கள், பிளீச் அல்லது ஹைலைட் பண்ணியிருக்கிறீர்களா, மருதாணி பூசுகிறீர்களா. ஈரமான முடியை இழுத்து ஒரு சின்ன வீடியோ அனுப்பச் சொல்கிறேன். போன கிழமை இருவருக்கு வர வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டேன். ஒருவர் நன்றி சொன்னார். மற்றவர் "உங்களுக்குச் செய்யத் தெரியாவிட்டால் சொல்லுங்கள்" என்றார். அவர் கடைக்கு வரவில்லை, ஆனால் ரிவியூ எழுதுவாரோ என்று பயமாக இருக்கிறது. வட்ஸ்அப்பில் கதைத்ததும் அனுபவம் என்று எடுப்பார்களா?

திண்ணைத்தம்பி · ஞாயிறு, இரவு 10.00

கடையோடு நடந்த கதைதானே, அனுபவம் என்றுதான் எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சாட்டை அழிக்காமல் வைத்திருங்கள். எழுதினால் இங்கே வந்து சொல்லுங்கள், பதிலைச் சேர்ந்து யோசிப்போம்.

நெல்லியடி நிலா · திங்கள், காலை 6.35

நான் பேஸ்புக்கில் ரிவியூவைத் திரும்பத் திறந்துவிட்டேன். பழைய அந்த எழுத்தும் திரும்பி வந்து நிற்கிறது. அதுக்கு இன்றைக்குப் பதில் எழுதப் போகிறேன். புடவை மாற்றியதைச் சொல்லாமல் எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. மதியம் எழுதிவிட்டு இங்கே போடுகிறேன், பாருங்கள்.